ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை பெயர்? அட்டையில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

செல்வி_கரூர்

அம்மாவுக்கு வயது 67. பிரஷரும் சர்க்கரையும் உண்டு. எங்கள் ஊர் டாக்டர் பல வருடமாக அம்லாங் 5 எழுதிக் கொடுத்து வருகிறார். போன மாதம் கோயம்புத்தூரில் இதய மருத்துவரிடம் காட்டினோம். அவர் டெல்மா-ஏஎம் என்று ஒன்று எழுதினார். அம்மா இரண்டையும் போடுகிறார். இப்போது மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடுகிறது, செருப்பு போட முடியவில்லை.

மருந்துக் கடையில் கேட்டால் பையன் "ரெண்டும் பிரஷர் மாத்திரைதான், டாக்டர் எழுதினதைப் போடுங்க" என்கிறான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்டாம்லோ என்று எழுதியிருக்கிறார்கள், அது அம்லாங்கேதான் என்கிறார் அவர். இப்படி ஒரே மருந்துக்கு எதற்கு ஊர்ப்பட்ட பெயர்? பெட்டியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

குமார்77

சுலபம் சகோதரி. பிராண்ட் பெயரின் முதல் பாதியைப் பாருங்கள், மருந்தின் பெயர் அதிலேயே இருக்கும். அம்லாங், ஸ்டாம்லோ, அம்லோகைண்ட், அம்லோபிரஸ் எல்லாமே அம்லோடிபின். டெல்மா, டெல்மிகைண்ட் என்றால் டெல்மிசார்டன். ஆக அம்மா போடுவது இரண்டு வேறு மருந்து. பிரஷருக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

குமார் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் டெல்மா வேறு, டெல்மா-ஏஎம் வேறு. அந்த 'ஏஎம்' என்ற வாலில்தான் அம்லோடிபின் உட்கார்ந்திருக்கிறது. டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில். அதோடு அம்லாங் 5 தனியாகப் போனால் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அம்லோடிபின் 10 மி.கி. போகிறது. கணுக்கால் வீக்கம் அம்லோடிபினுக்கு நன்றாகத் தெரிந்த பக்க விளைவு. 5-ஐ விட 10 மி.கி.யில் அதிகம் வரும். உப்பைக் குறைத்து இது போகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு அம்லோடிபின் 10 மி.கி. வரை கொடுப்பதுண்டு. அதனால் இதய மருத்துவர் தெரிந்தே கொடுத்தாரா, பழைய அம்லாங் ஓடுவது தெரியாமல் கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. கால் வீங்க வேறு காரணமும் இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு பெட்டியையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, "இரண்டிலும் அம்லோடிபின் இருக்கிறதே, இரண்டும் போடட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள்.

இனி பெட்டியைப் படிக்கும் விஷயம். அம்லாங் மாதிரி ஒரே மருந்து உள்ள பெட்டியில் பொதுப்பெயர் முன்பக்கமே இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து ஒரு விதி இருக்கிறது: பொதுப்பெயரின் எழுத்து பிராண்ட் பெயரை விடக் குறைந்தது இரண்டு அளவு பெரிதாக இருக்க வேண்டும். 'அம்லோடிபின் டேப்லெட்ஸ் ஐ.பி. 5 மி.கி.' என்று முதலில் கண்ணில் படுவது அதனால்தான். ஆனால் மூன்று மருந்தோ அதற்கு மேலோ சேர்ந்த கூட்டு மருந்துகளுக்கும் வைட்டமின் கலவைகளுக்கும் அந்த எழுத்தளவு விதி கிடையாது. எங்கே அதிகம் குழம்புவோமோ அங்கேதான் விலக்கு! அப்படிப்பட்ட பெட்டியில் பிராண்ட் பெயர் பெரிதாகவும் உள்ளே இருப்பவை சிறிதாகவும் இருந்தால் அது சட்ட மீறல் இல்லை.

அதனால் முன்பக்கத்தை நம்பி நிற்காமல் பெட்டியின் பக்கவாட்டையோ அட்டையின் பின்புறத்தையோ திருப்புங்கள். 'ஈச் டேப்லெட் கன்டெயின்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தொடங்கும். நடுவில் 'ஃபிலிம் கோட்டட்', 'அன்கோட்டட்' என்று ஏதாவது ஒரு சொல் வரும், அதை விடுங்கள். அதற்குக் கீழே எத்தனை பெயருக்கு நேராக மி.கி. அளவு போட்டிருக்கிறதோ, மாத்திரையில் அத்தனை மருந்து. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

செல்வி_கரூர்

ரொம்ப நன்றி சார். இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். டெல்மா-ஏஎம்மில் நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு வரி இருக்கிறது. இரண்டாவது வரியில் 'அம்லோடிபின் பெசிலேட் ஐ.பி.' என்று போட்டு, அதன் கீழே 'ஈக்விவலன்ட் டு அம்லோடிபின் 5 மி.கி.' என்று இருக்கிறது. இந்த பெசிலேட் வேறு மருந்தா? ஐ.பி. என்றால்?

இன்னொரு சிக்கல், அம்லாங் அட்டை முழுதாக இல்லை. கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு. பின்பக்கம் பாதி எழுத்துதான் இருக்கிறது.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

பெசிலேட் வேறு மருந்து இல்லை. அம்லோடிபினைத் தனியாக மாத்திரையாக்குவது சிரமம் என்பதால் ஒரு உப்பாகச் சேர்த்துச் செய்கிறார்கள். அந்த உப்பை எடை போட்டால் 6.93 மி.கி. வரும், அதில் உண்மையான அம்லோடிபின் 5 மி.கி. உங்களுக்கு வேண்டிய எண் 'ஈக்விவலன்ட் டு' என்பதற்குப் பிறகு வருவது. பான்டோபிரசோல் சோடியம், மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு என்று வருவதிலும் முதல் சொல்தான் மருந்து, பின்னால் வருவது உப்பு.

சில மாத்திரையில் இது ஆளைக் குழப்பும். மெட்டோபிரோலால் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்னால் 50 என்று இருக்கும், உள்ளே 'மெட்டோபிரோலால் சக்சினேட் 47.5 மி.கி.' என்று இருக்கும். குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவர் கடையில் வந்து சண்டையே போட்டார். 47.5 மி.கி. சக்சினேட் என்பது 50 மி.கி. டார்ட்ரேட்டுக்குச் சமம், அதைத்தான் 50 என்று போடுகிறார்கள். ஆனால் சக்சினேட் மாத்திரை மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்வது, டார்ட்ரேட் சாதா மாத்திரை. முதல் சொல் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிப் போடக் கூடாது. பெயரோடு 'எக்ஸ்எல்', 'எஸ்ஆர்', 'ஈஆர்' என்று ஒட்டியிருந்தால் அதுவும் பெயரின் பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்லோடிபினிலும் ஒரு வம்பு உண்டு. 'எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி.' என்று சில பிராண்டுகள் வரும், அசோமெக்ஸ் மாதிரி. சாதா அம்லோடிபினில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது. அந்த 2.5, சாதா 5-க்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து 'பாதி டோஸ்தானே' என்று இரண்டாகப் போட்டால் தப்பு.

ஐ.பி. என்றால் இந்தியன் ஃபார்மகோப்பியா, அதாவது மருந்தின் தரத்துக்கான அரசு நூல். அதில் சொன்ன தரத்தில் செய்தது என்று பொருள். பி.பி. என்றிருந்தால் பிரிட்டனுடையது, யு.எஸ்.பி. என்றிருந்தால் அமெரிக்காவுடையது. இந்த எழுத்துகள் பொதுப்பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும், பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒட்டாது. அவசரத்தில் பொதுப்பெயரைப் பிடிக்க இது ஒரு கைப்பிடி: ஐ.பி.க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கத்தரித்த துண்டுக்கு மருந்து கிடையாது, ஹாஹா. அடுத்த முறை நான்கு மாத்திரை வாங்கினாலும் "முழு அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், அப்புறம் வெட்டுங்க" என்று சொல்லுங்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே என்ன என்ற மூன்றும் சேர்ந்து வரும். எங்கள் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

முன்னாள்_ரெப்

பதினைந்து வருடம் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் காத்திருந்தவன் நான். 'எதற்கு இத்தனை பெயர்' என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன்.

அம்லோடிபினைக் கண்டுபிடித்தது ஃபைசர். அமெரிக்காவில் 1992-ல் நார்வாஸ்க் என்ற பெயரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டில் காப்புரிமை முடியும் வரை வேறு யாரும் அதைச் செய்ய முடியாது, அதனால் ஒரே பெயர்தான் ஓடியது. இங்கே கதை வேறு. நம் 1970-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் கொடுத்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் குற்றமில்லை. 2005 ஜனவரியில் சட்டம் மாறும் வரை இதுதான் நிலை. அதற்கு முன் வந்த மருந்துகளை எல்லாக் கம்பெனியும் செய்தது. எல்லாரும் 'அம்லோடிபின்' என்றே விற்றால் டாக்டர் எழுதும் சீட்டு எந்தக் கம்பெனிக்குப் போகும் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். என் கம்பெனிக்கு அதில் என்ன லாபம்? டாக்டர் கை எங்கள் பெயரை எழுத வேண்டும். அதற்குத்தான் பெயர், அதற்குத்தான் நான்.

பெயர் வைப்பதிலும் கணக்கு உண்டு. டாக்டர் வாயில் சட்டென்று வர வேண்டும், மருந்தின் பெயரை ஞாபகப்படுத்த வேண்டும், மற்றவன் பெயர் மாதிரியும் இருக்கக் கூடாது. ஒரு பெயர் ஊன்றிவிட்டால் அதற்கு வால் முளைக்கும். டெல்மா ஓடுகிறதா, டெல்மா-எச், டெல்மா-ஏஎம் என்று குட்டி போடும். டாக்டருக்குப் புதுப் பெயர் கற்றுக்கொடுக்க வேண்டாம், ஒரு எழுத்து சேர்த்தால் போதும். ஆனால் பேஷன்டுக்கு அது பழைய மாத்திரையாகவே தெரியும். செல்வி அவர்களின் அம்மா விஷயம் அப்படித்தான் ஆகியிருக்கும் போல.

இன்னொன்று, பெட்டியில் 'மேனுஃபேக்சர்ட் பை', 'மார்க்கெட்டட் பை' என்று இரண்டு முகவரி இருக்கிறதா பாருங்கள். செய்பவர் இமாச்சலில் பத்தி என்ற ஊரில் இருப்பார், விற்பவர் மும்பையில் இருப்பார். ஒரே ஆலையில் செய்து பல கம்பெனிப் பெயரில் பல விலைக்குப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

குமார்77

டெல்மா-ஏஎம் விஷயத்தில் நான் வாலைக் கவனிக்கவில்லை, சரி. ஆனால் ரெப் சார் சொன்னதைப் பார்த்தால் என் கட்சிதானே ஜெயிக்கிறது? எல்லாம் ஒரே சரக்கு என்றால் பிராண்டை ஒழித்துவிட வேண்டியதுதானே. டாக்டர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2023-ல் விதியே வந்தது. மக்கள் மருந்தகத்தில், முதல்வர் மருந்தகத்தில் எல்லாம் பொதுப்பெயரில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. நான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டேன்.

முன்னாள்_ரெப்

அந்த விதி வந்த அதே ஆகஸ்ட் மாதமே கிடப்பில் போட்டாயிற்று தம்பி. தேசிய மருத்துவ ஆணையம் கொண்டு வந்தது, டாக்டர் சங்கங்கள் எதிர்த்தன, நிறுத்தி வைத்தார்கள். டாக்டர்கள் சொன்ன வாதத்தையும் கேளுங்கள்: நான் பொதுப்பெயர் எழுதினால் எந்தக் கம்பெனி சரக்கு என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார், பேஷன்டுக்குச் சரியாகவில்லை என்றால் கேள்வி என்னிடம் வரும் என்றார்கள். அதில் பாதி நியாயம், பாதி எங்களைப் போன்றவர்கள் வாங்கிக் கொடுத்த பேனா.

தாமரை

டோலோ நல்லதா கால்பால் நல்லதா? என் பையனுக்கும் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல். அவருக்கு டோலோ கேட்கவில்லை என்று கடையில் காம்பிஃப்ளாம் கொடுத்தார்கள். சளிக்கு ஒரு மாத்திரையும் போடுகிறார். இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

இழைக்கு ரொம்பப் பொருத்தமான கேள்விதான் அம்மா. டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாராசிட்டமால். 650 என்றால் 650 மி.கி., 500 என்றால் 500 மி.கி. எது நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம்தான் கவலை. காம்பிஃப்ளாமைத் திருப்பிப் பாருங்கள். இபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 என்று இருக்கும். சளி மாத்திரைகள் முக்கால்வாசியில் பாராசிட்டமால் இருக்கும், பொதுவாக 325 அல்லது 500. அவர் மூன்றையும் வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை போட்டால் டோலோவில் 1950, காம்பிஃப்ளாமில் 975, சளி மாத்திரை 500 என்றால் 1500. கூட்டினால் 4425. பெரியவருக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4000. தினம் குடிக்கிறவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், ரொம்ப மெலிந்தவர் என்றால் அதற்கும் கீழேயே ஆபத்து. இவ்வளவும் 'மூன்று வேறு மாத்திரை' என்ற நினைப்பில் நடக்கிறது. டோலோவை நிறுத்தினீர்களா, கூடவே போடுகிறாரா?

அப்புறம் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியாத நிலையில் இபுபுரோஃபென் போடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவுக்கு வழி வைக்கும். ரத்தப் பரிசோதனை முடியும் வரை வெறும் பாராசிட்டமால் மட்டும் போதும். பையனுக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

தாமரை

ஐயோ, கூடவேதான் போடுகிறார். சளி மாத்திரையைப் பார்த்தேன், அதிலும் பாராசிட்டமால் 500 இருக்கிறது. மத்தியானம் எதையும் கொடுக்கவில்லை. இப்போது கிளினிக் கிளம்புகிறோம்.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு டோலோ தெரியாது, பனடோல்தான். கடையில் "பரசிற்றமோல் குளிசை தாங்கோ" என்றால் கூட "பனடோலோ?" என்று திரும்பக் கேட்பார்கள். பெயர் அப்படி ஒட்டிவிட்டது.

ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டில் எப்போதும் மருந்தின் பொதுப்பெயர்தான். மருந்து வாங்கும் பையிலும் அதுதான் எழுதித் தருவார்கள். அதனால் என் அம்மாவுக்கு 'அம்லோடிபின்', 'லொசார்டன்' என்ற சொற்கள் வாயில் வரும், பிராண்ட் பெயர் ஒன்றும் தெரியாது. 1971-ல் சேனக பிபிலே அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி இந்தப் பழக்கத்துக்கு அடி போட்டார் என்று சொல்வார்கள். இப்போது தனியார் பாமசிக்குப் போனால் இந்தியப் பெட்டிகள்தான் வரிசையாக இருக்கும், அங்கே எங்களுக்கும் இதே குழப்பம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் எப்படி?

மதுரை_ஃபார்மசிஸ்ட்

இங்கேயும் அப்படித்தான். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் அட்டையில் பொதுப்பெயர் பெரிதாக, 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டிருக்கும். பிராண்ட் பெயர் இருக்காது. அங்கே மாத்திரை வாங்கிப் பழகியவருக்குத் தனியார் டாக்டர் அதே மருந்தை பிராண்டில் எழுதினால், இரண்டும் வீட்டில் ஒரே டப்பாவில் போய்ச் சேரும். நான் பார்க்கும் இரட்டை மாத்திரைக் கேஸில் பாதி இந்த வழியில் வருவதுதான்.

ராஜி_திருச்சி

குமார் சொன்ன 'எல்லாம் ஒரே சரக்கு'க்கு என் அனுபவம் வேறு. எனக்குத் தைராய்டு. ஒரே பிராண்டில் ஓடிக்கொண்டிருந்தது, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். சரியாக இருந்தது. கடையில் அது இல்லை என்று வேறு கம்பெனி கொடுத்தார்கள், மைக்ரோகிராம் அளவு அதேதான், பொதுப்பெயரும் தைராக்சின் சோடியம்தான். இரண்டு மாதத்தில் முடி கொட்டி, உடம்பெல்லாம் சோர்வு. பரிசோதித்தால் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. பழைய பிராண்டுக்குத் திரும்பிய பிறகு இறங்கியது. அதனால் பொதுப்பெயர் ஒன்றாக இருந்தால் மாற்றலாம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

குமார்77

மாத்திரையை மாற்றிய அதே சமயம் காபி குடித்த நேரம், கால்சியம் மாத்திரை என்று தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும் வேறு எதுவும் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா அக்கா? ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து பொது மருந்தே மோசம் என்று சொல்வது சரியில்லை.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

இரண்டு பேர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. தைராக்சின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் போடும் டாக்ரோலிமஸ் போன்றவை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பில் தெரியும். இவற்றில் ஒரு கம்பெனி பிடித்தால் அதிலேயே நிற்பது நல்லது, அது விலை குறைந்த கம்பெனியாக இருந்தாலும் சரி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றி, தைராய்டுக்கு ஆறு எட்டு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ராஜி அம்மாவுக்கு மாத்திரையால்தான் ஏறியதா, குமார் சொல்கிற மாதிரி காபியாலா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.

அம்லோடிபின், பாராசிட்டமால் மாதிரியானவற்றில் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். ஆனால் 'எல்லாம் ஒன்றே' என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். மாத்திரை ரத்தத்தில் மூல மருந்தைப் போலவே சேர்கிறதா என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற விதி, எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு 2017-ல்தான் வந்தது. அதற்கு முன் உரிமம் வாங்கிய பழைய சரக்கும் சந்தையில் இருக்கிறது.

நியூஜெர்சி_அம்மா

இங்கே வந்த புதிதில் குழந்தைக்குப் பாராசிட்டமால் கேட்டு ஃபார்மசியில் அலைந்தேன். டைலினால் இருக்கிறது, பெட்டியில் 'அசெட்டாமினோஃபென்' என்று இருக்கிறது. பொதுப்பெயர் உலகம் முழுக்க ஒன்று என்று நினைத்திருந்தேன். ஆஸ்துமாவுக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த ஆஸ்தலின் இன்ஹேலரில் சால்பியூட்டமால், இங்கே அதற்கு அல்பியூட்டரால். இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கி வைத்திருந்தார் என் மாமியார்!

மதுரை_ஃபார்மசிஸ்ட்

ஆமாம் அம்மா, உலக சுகாதார நிறுவனம் ஒரு பொதுப்பெயர் கொடுத்தாலும் அமெரிக்கா சில மருந்துக்குத் தன் பழைய பெயரையே வைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டும்தான் வீட்டில் அதிகம் மாட்டும்.

அந்தப் பொதுப்பெயர்களில் ஒரு நன்மை உண்டு. வால் பார்த்தால் குடும்பம் தெரியும். டிபின் என்று முடிந்தால் அம்லோடிபின் குடும்பம், சார்டன் என்று முடிந்தால் டெல்மிசார்டன் குடும்பம், வாஸ்டாட்டின் என்றால் கொழுப்பு மாத்திரை. சில்னிடிபின் என்று ஒன்று இப்போது நிறைய எழுதுகிறார்கள், சிலகார் மாதிரியான பெயரில் வரும். ஒருவர் அம்லோடிபினும் சில்னிடிபினும் சேர்த்துப் போட்டால் பெயர் வேறு, ஆனால் குடும்பம் ஒன்று. டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம் அது.

செல்வி_கரூர்

இதய மருத்துவரிடம் பேசிவிட்டேன். அம்லாங் ஓடுவது அவருக்குத் தெரியாதாம். நாங்கள் கொண்டு போன சீட்டில் ஊர் டாக்டர் எழுதியது சரியாகப் படிக்க முடியவில்லை என்றார். அம்லாங்கை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பிரஷரைக் குறித்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். வீக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி. போன முறை டெல்மா-ஏஎம் இல்லை என்று கடையில் வேறு கம்பெனி கொடுக்கப் பார்த்தார்கள். அது சரியா? பெட்டியில் க்யூஆர் கட்டம் இருக்கிறதே, அதைத் தட்டினால் தெரியுமா?

முன்னாள்_ரெப்

டாக்டர் சீட்டில்தான் கொடுக்க வேண்டிய மருந்துக்கு, சீட்டில் எழுதியதைத் தவிர வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். 1945-ம் வருடத்து மருந்து விதிகளில் 65-வது விதி. உள்ளே ஒரே மருந்து இருந்தாலும் கூடாது. நடைமுறையில் எல்லாக் கடையிலும் மாற்றித்தான் கொடுக்கிறார்கள், அதை ஃபார்மசிஸ்ட் சாரே ஒத்துக்கொள்வார்.

க்யூஆர் கட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து செய்த சரக்கில், அதிகம் விற்கும் 300 பிராண்டுக்குக் கட்டாயம். பொதுப்பெயர், பிராண்ட் பெயர், செய்தவர் முகவரி, பேட்ச், தேதிகள், உரிமம் எண் எல்லாம் வர வேண்டும். எல்லாப் பெட்டியிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

ஒத்துக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு வயதானவர் பிரஷர் மாத்திரைக்கு வந்து நிற்கும்போது சட்டத்தைச் சொல்லி வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு மாற்றுவேன், கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் காட்டிவிட்டுக் கொடுப்பேன். பெரும்பாலும் விவரம் கேட்காமலேயே வாங்கிப் போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

செல்வி அம்மா, அந்த டப்பாவில் இருக்கும் சர்க்கரை மாத்திரைகளையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்களேன்.

செல்வி_கரூர்

பார்த்தேன் சார். கிளைகோமெட்-ஜிபி 1 என்பதில் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 என்று இருக்கிறது. இன்னொன்று அமரில் 1. அதில் கிளிமிபிரைடு 1 மட்டும். இரண்டும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறார். முதலாவது ஊர் டாக்டர் எழுதியது. இரண்டாவது எப்போது வந்தது என்று அம்மாவுக்கே நினைவில்லை.

மதுரை_ஃபார்மசிஸ்ட்

அம்லோடிபின் மாதிரி இரண்டு வாரம் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. கிளிமிபிரைடு சர்க்கரையை வேகமாக இறக்கும். 2 மி.கி. வேண்டுமென்றே கொடுத்திருக்கலாம், ஆனால் யார் எழுதினார்கள் என்றே தெரியாத மாத்திரை என்றால் இன்றைக்கே ஊர் டாக்டருக்குப் போன் போடுங்கள். அது வரை சாப்பாட்டைத் தள்ளிப் போட விடாதீர்கள். காலை பதினொரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, திடீரென்று கண் மங்குவது என்று ஏதாவது சொல்வாரா?

செல்வி_கரூர்

கை நடுக்கம் உண்டு. வயசானதால் என்று விட்டுவிட்டோம். குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது, இப்போதே பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுகிறேன்.